அமெரிக்காவில் கடிகாரம் மாறினால் ஸ்ரீரங்கத்தில் தூக்கம் மாறுவது ஏன்?

திருச்சியில் மெடிக்கல் பில்லிங் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் வருடத்துக்கு 2 முறை எல்லா நேரமும் மாறும். காரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே மார்ச் 2-வது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பழைய நேரத்துக்குத் திருப்புவார்கள். 2026-ல் இந்தத் தேதிகள் மார்ச் 8, நவம்பர் 1.

ராத்திரிதான் வேலை பார்க்கணுமா?

எல்லாருக்கும் இல்லை. சிகிச்சை விவரங்களுக்கு கோடு போடும் வேலையைப் பகலிலேயே முடிக்கலாம். ஆனால் பணம் வராத கிளெய்ம்களுக்கு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு, 'ஏன் நிராகரிச்சீங்க?' என்று கேட்கும் ஏஆர் காலிங் வேலை அப்படி இல்லை. அங்கே ஆபீஸ் திறந்திருந்தால்தான் பேச முடியும்.

நியூயார்க் நேரம் காலை 8 முதல் மாலை 5 வரை என்பது, கோடையில் நமக்கு மாலை 5.30 முதல் அதிகாலை 2.30 வரை. நவம்பருக்குப் பிறகு அது 6.30 முதல் 3.30 வரை.

வீட்டில் என்ன மாறும்?

உதாரணத்துக்கு, நவல்பட்டு ஐடி பார்க்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். வீடு காவிரி தாண்டி ஸ்ரீரங்கத்தில். வழியில் மற்றவர்களை இறக்கிவிட்டு கேப் வந்து சேர ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தை ஸ்கூல் விட்டு வருவது 4.30-க்கு, காலையில் எழுவது 6.30-க்கு.

குளிர்கால ஷிப்டில் அவர் 5.30-க்குக் கிளம்பினால் போதும். குழந்தையோடு ஒரு மணி நேரம் கிடைக்கும். ஆனால் திரும்பி வர 4.30 ஆகிவிடும். குழந்தை எழுவதற்குள் 2 மணி நேரத் தூக்கம்தான். கோடை ஷிப்டில் தூக்கம் 3 மணி நேரமாகும். ஆனால் குழந்தை உள்ளே வரும்போது அம்மா வெளியே போவார். பகல் வேலைக்குப் போன அப்பா வரும்வரை பாட்டியோ பக்கத்து வீட்டாரோதான் பார்த்துக்கணும்.

மீதித் தூக்கம் பகலில்தான், அதுவும் குக்கர் விசிலுக்கும் காலிங் பெல்லுக்கும் நடுவில்.

லீவும் அவங்க காலண்டர்தான்

2025 டிசம்பர் 30, வைகுண்ட ஏகாதசி. ஊரே பரமபத வாசல் திறப்புக்குக் கண்விழித்த ராத்திரி. அமெரிக்காவில் அது சாதாரண வேலை நாள். வீடு ஸ்ரீரங்கத்திலேயே இருந்தாலும், தனியாக லீவு வாங்கினால்தான் குடும்பத்தோடு கோயிலுக்குப் போக முடியும்.

வேலையில் சேரும்முன் கேட்க வேண்டியது

'நைட் ஷிப்டா?' என்பதோடு நிறுத்தக் கூடாது. கிளையன்ட் அமெரிக்காவின் எந்தப் பக்கம் என்று கேட்கணும். கலிபோர்னியா நேரம் என்றால் கோடையில் ஷிப்ட் இரவு 8.30 முதல் காலை 5.30 வரை. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. ஆனால் குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டுக் கிளம்பலாம். காலையில் ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு ஒரே மூச்சாகத் தூங்கலாம். நியூயார்க் ஷிப்டில் அதே தூக்கம் இரண்டாக உடையும். கேப்பில் கடைசியாக இறக்கிவிடுவது யாரை என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. ஸ்ரீரங்கம்தான் கடைசி என்றால், தூக்கத்தில் இன்னும் கொஞ்சம் குறையும்.