குறை சொன்னவர் வீட்டுத் தண்ணீர்

வாட்டர் பியூரிஃபையர் வாங்க போனில் தேடினால், நாம் முதலில் போவது ஒற்றை நட்சத்திர ரிவ்யூக்களுக்குத்தான். அது நல்ல பழக்கமே. பாராட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். விவரம் கிடைப்பது குறைகளில்தான். ஆனால் அந்தக் குறை நம் வீட்டுக்குப் பொருந்துமா என்று பார்க்கிறோமா?

கொல்லயில் பக்கம் கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வெட்டுக்கல் நிலத்துக் கிணறுகளில் பொதுவாகக் கரைந்த உப்பு குறைவு. அங்கே பெரிய கவலை கிருமிதான். கக்கூஸ் குழி கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் மழைக்காலத்தில் கழிவு ஊறி வரலாம். இந்த வீட்டுக்காரர் ஒரு யு.வி. மாடலைப் பார்க்கிறார் என்று வையுங்கள்.

அதற்கு ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்: "டிடிஎஸ் 700 உள்ளே போனது, 700தான் வெளியே வந்தது. வீண் செலவு." அவர் பொய் சொல்லவில்லை. யு.வி. விளக்கு கிருமியைச் செயலிழக்கச் செய்யும், உப்பைத் தொடாது. 700 உள்ள வீட்டுக்கு ஆர்ஓ தேவைப்படலாம். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. அதற்குக் குறைவான இடங்களில் ஆர்ஓ வேண்டாம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் சொன்னது. நம் கிணற்றில் 80 என்றால், அந்த ரிவ்யூவை நிம்மதியாகத் தாண்டிப் போகலாம்.

இன்னொருவர் மூன்று நட்சத்திரம் கொடுத்து, "மழையில் கிணறு கலங்கினால் உள்ளே மஞ்சள் படிகிறது" என்று அமைதியாக எழுதியிருக்கிறார். இங்கே நிற்க வேண்டும். தண்ணீர் கலங்கினால் ஒளி சரியாக ஊடுருவாது. இரும்புச்சத்து விளக்கின் கண்ணாடி உறையில் படிந்தாலும் அப்படித்தான். விளக்கு எரியும், கிருமி தப்பிவிடலாம். இடவப்பாதி மழையில் கிணறு கலங்கும் வீட்டுக்கு இது நேரடியான எச்சரிக்கை. முன்னால் நல்ல ஃபில்டர் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும்.

"கரண்ட் போனால் சொட்டுத் தண்ணீர் வராது", "விளக்கு மாற்ற ஆள் வரவில்லை" என்பவையும் நமக்கானவையே. யு.வி. விளக்கை ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். நெய்யாற்றின்கரையிலோ பாறசாலையிலோ சர்வீஸ் ஆள் உண்டா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். பெட்டி நசுங்கி வந்த புகார் கூரியருக்கு உரியது. மெஷினைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இதற்கெல்லாம் முதலில் நம் தண்ணீர் எப்படி என்று தெரிய வேண்டும், இல்லையா? டிடிஎஸ் மீட்டர் உப்பை மட்டும் காட்டும், கிருமியைக் காட்டாது. அதனால் ஒரு லேபில் சாம்பிள் கொடுத்து கோலிஃபார்ம், இரும்பு, கலங்கல் மூன்றையும் பாருங்கள். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரிவ்யூக்களைத் திறங்கள். ரிப்போர்ட் வரும்வரை தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்