ஒரே கோல், இரண்டு முனைகள்

நீளத்தோடு அடர்த்தி சீராகக் கூடும் கோல் ஒன்றின் சடத்துவத் திருப்பத்தைத் தொகையிட்டுக் காட்டியதும் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். கல்முனையிலிருந்து ஒலுவிலில் பொறியியலும் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞானமும் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் இன்னும் பத்து நிமிடம் கொடுக்கலாம் என்பது எமது எண்ணம்.

கோலின் நீளம் L. இலேசான முனை A-யில் ஓரலகு நீளத்தின் திணிவு λ. பாரமான முனை B-யில் அது 2λ. A-யிலிருந்து x தூரத்தில் உள்ள சிறு துண்டின் திணிவு λ(1 + x/L)dx. இதை 0 முதல் L வரை தொகையிட்டால் முழுத் திணிவு M = 3λL/2. x²-ஆல் பெருக்கித் தொகையிட்டால் A பற்றிய சடத்துவத் திருப்பம் λL³(1/3 + 1/4) = 7λL³/12. பலர் இங்கேயே நிறுத்துகிறார்கள். M-இல் எழுதினால்தான் விடை பேசும்: 7ML²/18. சீரான கோலுக்கு ML²/3, அதாவது 6ML²/18. பாரம் தூரத்தில் கிடப்பதால் கூடத்தான் வேண்டும். சராசரி அடர்த்தியைப் போட்டுச் செய்த பிள்ளைக்கு ML²/3 வந்திருக்கும். அந்தப் பிழை M-இல் எழுதியதும் தெரிந்துவிடும்.

இனி B-யைக் கேளுங்கள். சமாந்தர அச்சுத் தேற்றத்தை A-யிலிருந்து நேரே B-க்குப் பாய்ச்சுவார்கள். அது தவறு, திணிவு மையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். மையம் A-யிலிருந்து 5L/9 தூரத்தில் இருக்கிறது. அதைப் பற்றிய திருப்பம் 7/18 − 25/81 = 13/162, அதாவது 13ML²/162. அதோடு M(4L/9)² சேர, B பற்றியது 5ML²/18. நேரே தொகையிட்டாலும் இதுவே வரும்.

இதைக் கையால் பார்க்க முடியும். கோலை A-யில் தொங்கவிட்டுச் சிறிதாக ஆட்டினால் அது 0.7L நீள எளிய ஊசலுக்குச் சமன். B-யில் தொங்கவிட்டால் 0.625L. ஒரு மீற்றர்க் கோலுக்கு அலைவு காலம் 1.68 செக்கன், 1.59 செக்கன். இருபது அலைவில் கிட்டத்தட்ட இரண்டு செக்கன் வித்தியாசம். நிறுத்தற் கடிகாரத்துக்கு இது தாராளம்.

கோலுக்கு எங்கே போவது? ஓலை கழித்த தென்னைமட்டை நம் வளவுகளில் கிடக்கிறது. அடி பாரம், நுனி இலேசு. ஒரு மீற்றர் எடுத்து இரு முனைகளையும் ஒட்டித் துளையிட்டு, முதலில் ஆட்டி நேரம் எடுங்கள். பிறகு பத்துப் பத்து சென்ரிமீற்றராக அறுத்து நிறுத்து வரைபு போடுங்கள். அறுத்தபின் ஆட்ட முடியாது என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்.

வரைபு நேர்கோடாக அமையாவிட்டால் மேலுள்ள பின்னங்கள் அந்த மட்டைக்குப் பொருந்தா. அப்போது ஒவ்வொரு துண்டின் திணிவையும் அதன் நடுப்புள்ளித் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால் போதும். பத்துத் துண்டுகளில், சீரான கோலுக்கு இந்த வழியின் பிழை நூற்றுக்கு 0.25 மட்டுமே.