1,750 ரூபாவில் இரண்டு கைகள்

2025 நவம்பர் 7 அன்று நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைச் சுருக்கிச் சொல்லும்போது, “தோட்டத் தொழிலாளர் சம்பளம் 1,750 ரூபா, அரசு 5,000 மில்லியன் ஒதுக்கீடு” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதில் உள்ள இலக்கங்கள் பிழையில்லை. ஆனாலும் அந்த வரியை வாசிப்பவர் பிழையாகவே விளங்கிக்கொள்வார்.

முதலாவது, யார் கொடுப்பது என்பது அதில் இல்லை. 2025இல் இருந்த 1,350 ரூபா நாட்சம்பளம் 1,550 ரூபாவாகக் கூட வேண்டும் என்பதே முன்மொழிவு. கூடும் 200 ரூபா கம்பனியின் பொறுப்பு. அதற்கு மேல் வரும் இன்னொரு 200 ரூபா, வேலைக்கு வரும் நாளுக்கு அரசு கொடுக்கும் வருகை ஊக்கத்தொகை. இரண்டையும் கூட்டிச் “சம்பளம்” என்று எழுதினால், நாளை ஒரு தொகை வராவிட்டால் துரையிடம் கேட்பதா, அரசிடம் கேட்பதா என்பது தெரியாமல் போகும்.

ஊழியர் சேமலாப நிதிக்கும் இது முக்கியம். கம்பனி செலுத்தும் 12 வீதம் 1,550 ரூபாவுக்கு 186 ரூபா. 1,750 ரூபாவுக்கு 210 ரூபா. எந்தத் தொகைக்குக் கணக்கிட்டார்கள் என்று பார்ப்பதற்கு, சம்பளமும் ஊக்கத்தொகையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, 5,000 மில்லியன் எதற்கு என்பதும் அதில் இல்லை. சம்பள உயர்வு முழுவதையும் அரசே கொடுக்கிறது என்று எண்ணத் தோன்றும். அந்தப் பணம் ஊக்கத்தொகைக்கு மட்டுமே. 5,000 மில்லியன் என்றால் 500 கோடி. அதை 200ஆல் பிரித்தால் இரண்டரைக் கோடி வேலை நாட்கள். மாதம் 25 நாள் வேலைக்குப் போகும் ஒருவருக்கு ஊக்கத்தொகை மாதம் 5,000 ரூபா, வருடம் 60,000 ரூபா. இப்படிச் சொன்னால் பெரிய இலக்கம் நம் வீட்டுக் கணக்குக்குள் வந்துவிடும்.

ஆகவே லயங்களில் ஒட்டும் தாளில் நாம் இப்படி எழுதுகிறோம்:

“2026 வரவு செலவுத் திட்ட முன்மொழிவின்படி, குறைந்தபட்ச நாட்சம்பளம் ஜனவரி முதல் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாகும். இதைக் கொடுக்க வேண்டியது கம்பனி. வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் மேலும் 200 ரூபா ஊக்கத்தொகையை அரசு கொடுக்கும். இந்த ஊக்கத்தொகைக்கு மட்டும் அரசு 5,000 மில்லியன் ரூபா ஒதுக்குகிறது.”

ஒரு வரி நான்கு வரியானது உண்மைதான். ஆனால் “முன்மொழிவு” என்ற சொல்லைக்கூட நீக்க முடியாது. ஒதுக்கிய பணம் வேறு, கைக்கு வந்த பணம் வேறு. ஜனவரி மாதச் சம்பளச் சீட்டு கிடைத்ததும் இந்தத் தாளை அருகில் வைத்து, இரண்டு தொகைகளையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் சீட்டோடு தோட்டத் தலைவரிடம் வாருங்கள்.