"அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்"



போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், பையனுக்கு ரெண்டு வயசு முடியப்போகுது. அம்மா, பா, தா, பூ… இந்த நாலு வார்த்தையைத் தாண்டலை. மாமியார் கேட்டா, 'அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், ஆம்பளப் பிள்ளை அப்படித்தான்'னு சொல்றாங்க. காத்திருக்கட்டுமா?" என்றாள்.

காத்திருக்காதே என்றேன். அந்தக் காரணத்தை உங்களுக்கும் சொல்லவே இந்தப் பதிவு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சொன்னதைச் செய்ய மாட்டான். பிடிவாதக்காரன் என்று கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பது அடுத்த வருடம்தான் தெரிந்தது. தவறு என்னுடையது. அதனால்தான், பேச்சு தாமதம் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் காதுதான் நினைவுக்கு வரும்.

குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு உண்டு, உண்மைதான். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகள் சற்றுப் பிந்துவதும் உண்டு. ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. அதற்காக எல்லையைத் தள்ளிப்போடக் கூடாது. பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதில் டாட்டா காட்டும், 'மாமா', 'பாபா' என்று மழலை பேசும். ஒன்றரை வயதில் அம்மா, அப்பா தவிர மூன்று நான்கு வார்த்தையாவது சொல்லப் பார்க்கும்; நிலாவையோ நாயையோ விரலால் சுட்டி, நாமும் பார்க்கிறோமா என்று நம் முகத்தைப் பார்க்கும். இரண்டு வயதில் "பால் வேணும்", "தாத்தா வா" என்று இரண்டு வார்த்தையைச் சேர்க்கும். மூன்று வயதில் அது பேசுவது வெளி ஆட்களுக்கும் பெரும்பாலும் புரியும்.

வீட்டில் தமிழும் இன்னொரு மொழியும் பேசினால் இரண்டு மொழி வார்த்தைகளையும் சேர்த்து எண்ணுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயது வரை, பிறக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும்.

அந்த மாணவியிடம் மூன்று கேள்வி கேட்டேன். விரல் நீட்டிக் காட்டுகிறானா? காட்டுகிறான். கை ஜாடை இல்லாமல் "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வருகிறானா? சில நேரம் வருகிறான், சில நேரம் வெறுமனே பார்க்கிறான். பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறானா? அவள் யோசித்துவிட்டு, "கதவு சாத்துற சத்தத்துக்குத் திரும்புவான் டீச்சர்" என்றாள். அடிக்கடி சளி பிடிக்கும் என்றும் சொன்னாள்.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். கதவு சத்தம் பலமானது, அதிர்வும் வரும். அதற்குத் திரும்பும் பிள்ளைக்கு நம் பேச்சு மங்கலாக மட்டும் கேட்கலாம். மங்கலாகக் கேட்டதை வைத்து அது எப்படி வார்த்தை கற்கும்? வீட்டில் கைதட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது.

காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போனார்கள். காதுப் பரிசோதனையில் இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் தேங்கியிருப்பது தெரிந்தது. சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு இது சாதாரணம். பெரும்பாலும் சில வாரங்களில் தானே வடிந்துவிடும். மூன்று மாதத்துக்கு மேல் தங்கி, கேட்பதும் குறைந்தால்தான் வேறு சிகிச்சை யோசிப்பார்கள். இப்போது மறுபரிசோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, டிவியை அணைத்துவிட்டு, சிறு சிறு வாக்கியமாகப் பேசச் சொல்லியிருக்கிறார் பேச்சுப் பயிற்சியாளர். வார்த்தைகள் கூடுமா என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் இப்போது காரணம் தெரிந்து பொறுக்கிறார்கள்.

எல்லாத் தாமதத்துக்கும் காது காரணமல்ல. விரல் நீட்டிக் காட்டாத, பெயர் சொன்னால் பார்க்காத, கண்ணோடு கண் பார்க்காத பிள்ளையைக் காதோடு சேர்த்து வளர்ச்சிப் பரிசோதனைக்கும் காட்ட வேண்டும். பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளை விட்டுவிட்டால், எந்த வயதானாலும் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

பணம் ஒரு தடையாக இருக்க வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் நடக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதை இலவசமாகப் பார்ப்பார்கள். அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டாலே வழி சொல்வார்.

பாட்டிமார்களே, என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தாமதமாகப் பேசி நன்றாக வந்த பிள்ளைகளை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். என் கடைசி வரிசைப் பையனைப் போன்றவர்களை நாம் கணக்கில் வைக்கவில்லை. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் ஒரு நாள்தான் வீண். மருமகள் பயந்து கேட்கும்போது "அப்படித்தான்" என்று சொல்லாமல், கூடவே கிளம்பிப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்