செருப்பின் விலையில் சேராத கிணறு

சதுரங்கப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே, வாயலூர் அருகே பாலாறு கடலில் சேர்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் அங்கே மணல்தான் தெரியும். அதே ஆற்றின் மேல்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கே பதனிட்ட தோல் ஐரோப்பாவில் காலணியாக விற்கிறது. அந்தக் காலணியின் விலையில் தோல், கூலி, ரசாயனம், கப்பல் வாடகை எல்லாம் அடங்கும். ஆற்றங்கரைக் கிராமத்துக் கிணறு மட்டும் அடங்காது.

ஒரு கிலோ தோல் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கிறது உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பலருக்கும் குரோமியம்தான் பயம். ஆனால் குரோமியத்தைக் கசடாக வீழ்த்திப் பிரித்துவிடலாம். பிடிகொடுக்காதது சாதாரண உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் பூசிய உப்பு, ஊறவைக்கும் தொட்டியில் கரைந்து கழிவோடு போகிறது. வழக்கமான சுத்திகரிப்பில் நாற்றம் போகும், நிறம் போகும், உப்பு போகாது. தெளிந்த நீர் வெளியே வரும், நிலத்தில் வெள்ளை பூக்கும். உப்பைப் பிரிக்கச் சவ்வு வழியே வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். அதற்கு மின்சாரமும் விறகும் பணம் கேட்கும்.

இதைச் செய்கிற முதலாளியின் தோல் சில ரூபாய் கூடுதலாக விற்கும். மழை நாள் பார்த்து இரவில் ஆற்றில் திறந்துவிடுகிற பக்கத்து ஆலைக்கு ஆர்டர் போய்விடும். ஆகவே முதலாளி நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாம் கேள்வி. கிணற்றுக்காரர் இந்தப் பேரத்திலேயே இல்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் அவரைப் பார்த்ததுகூடக் கிடையாது.

பேரத்தில் இருப்பவருக்கு வலித்தால் சந்தை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதையும் இதே ஊர்கள் பார்த்திருக்கின்றன. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க பென்டாகுளோரோபீனால் என்ற மருந்தைச் சேர்த்து வந்தார்கள். 1989 இறுதியில் ஜெர்மனி அதற்குத் தடை போட்டது; கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே நுழையாது. அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று தேடியது, அரசும் தடை விதித்தது, சில ஆண்டுகளில் ஏற்றுமதிச் சரக்கிலிருந்து அந்த மருந்து காணாமல் போயிற்று. அந்தத் தோலை அணியப்போகும் கால் ஜெர்மன்காரருடையது அல்லவா!

கிணற்றுக்கு வந்த வழி வேறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்து, மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டது என்ற கணக்கும் அதில் பதிவானது. பெரிய தீர்ப்புதான். ஆனால் ஒவ்வொரு ஆலைக்கும் விதித்த அபராதம் ஒரே தொகை, பத்தாயிரம் ரூபாய். ஆயிரம் லிட்டர் விட்டவருக்கும் லட்சம் லிட்டர் விட்டவருக்கும் அதே பத்தாயிரம் என்றால், அடுத்த லிட்டரைக் குறைக்க யாருக்கு மனம் வரும்?

தீர்ப்பின்படி அமைந்த ஆணையம், 1991 முதல் 1998 வரையிலான இழப்புக்கு 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஏழு ஆண்டு விளைச்சலுக்கு அது. அதுவும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று, விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் அரசே கொடுத்து, பிறகு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

தோல் தொழிலை மூடச் சொல்லவில்லை. ஆம்பூர்ப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் ஈட்டுத்தொகை நடந்ததற்குக் கொடுப்பது. நடக்கப்போவதை அது தடுக்காது. வெளியேறும் உப்புக்குக் கிலோ கணக்கில் கட்டணம் விதியுங்கள். ஊறவைக்கும் முன் தோலை உதறி உப்பைத் தட்டியெடுக்கிற, செலவு குறைந்த பழைய வேலையை அப்போது எல்லாரும் தாமாகவே ஒழுங்காகச் செய்வார்கள். நிலத்தில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஒவ்வொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் அன்றாட அளவும், வாணியம்பாடி முதல் வாயலூர் வரை ஆற்றோர ஊராட்சி அலுவலகங்களின் பலகையில் எழுதப்படட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதை அடுத்த மழைக்காலத்துக்குள் தொடங்கிவிட முடியும்.