சீரியல் செட்: எதைப் படம் எடுத்து அனுப்புவது?

கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டால், எந்தப் பொருளையும் படம் எடுத்துத் தேடிப் பார்க்கலாம் என்ற தைரியம் வந்துவிடுகிறது. இது நல்ல பழக்கம்தான். ஆனால், வீட்டில் தொங்கவிடும் அலங்கார விளக்கு விஷயத்தில் இந்தப் பழக்கம் எப்படித் தவறான பதிலைத் தருகிறது என்பதைப் போன கார்த்திகைக்கு நேரில் பார்த்தேன்.

சித்தி மகள் மாடம்பாக்கத்தில் இருக்கிறாள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தாள். கார்த்திகைக்கு ஒரு வாரம் முன்னால் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு கடையில் சீரியல் செட் வாங்கி, பால்கனி இரும்பு கிரில்லில் சுற்றிவிட்டாள். பெட்டி இல்லாமல், ரப்பர் பேண்ட் போட்டு விற்ற செட். எரிகிற விளக்கைப் படம் எடுத்து, அதைக் கூகுள் லென்ஸில் கொடுத்துத் தேடியிருக்கிறாள். பிறகு எனக்கு போன் செய்தாள்.

"அண்ணா, அதே லைட்டு நெட்ல இருக்கு. 5 வோல்ட்டுன்னு போட்டிருக்கான். மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுல்ல?"

"எங்க சொருகியிருக்க?"

"சுவத்துல, பிளக் பாயின்ட்லதான்."

முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். பிறகுதான் மற்ற பேச்சு.

5 வோல்ட் விளக்கு என்றால் அது யு.எஸ்.பி. முனையில் சொருகுவதாக இருக்கும். அல்லது நடுவில் ஒரு அடாப்டர் இருக்கும். அவள் அனுப்பிய படத்தை என் கம்ப்யூட்டரில் போட்டு நானும் தேடிப் பார்த்தேன். அச்சு அசலாக அதே உருவத்தில் மூன்று விதமான செட்டுகள் வந்தன. ஒன்று யு.எஸ்.பி.யில் ஓடுவது. இன்னொன்று அடாப்டரில் ஓடுவது. மூன்றாவது நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுவது. படத்தில் தெரிவது பல்பின் வடிவமும் நிறமும்தான். பல்புகள் மூன்றிலும் ஒன்றேதான். வித்தியாசம் எல்லாம் பிளக்கில் இருக்கிறது. விற்பனைப் படங்களில் பெரும்பாலும் பிளக்கைக் காட்டுவதே இல்லை.

எனவே என் கருத்து இது. விளக்கின் படத்தை வைத்துத் தேடினால் அதன் பெயர் கிடைக்கும். அதன் மின்சார அளவு கிடைக்காது. அளவு வேண்டுமானால் பிளக்கையும், அதை ஒட்டிய சிறு பெட்டியையும் படம் எடுக்க வேண்டும்.

அவளை அப்படித்தான் எடுக்கச் சொன்னேன். வந்த படத்தில் கறுப்புப் பெட்டியில் கறுப்பாகவே எழுத்துகள் புடைத்திருந்தன. ஒன்றும் படிக்க முடியவில்லை. இதற்கு ஒரு எளிய வழி உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகு, பெட்டியின் மேல் கொஞ்சம் திருநீறு (சாக்பீஸ் தூளும் போதும்) தேய்த்து, விரலால் லேசாகத் துடைத்துவிடுங்கள். குழிகளிலும் எழுத்தின் ஓரங்களிலும் வெள்ளை தங்கிவிடும். பிளாஷ் போடாமல், ஜன்னல் பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்துப் படம் எடுங்கள். இன்னும் தெரியாவிட்டால் படத்தை Paint புரோகிராமில் திறந்து, Ctrl + A கொடுத்து, வலது கிளிக் செய்து Invert color தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது படத்தில் தெளிவாகத் தெரிந்தது இவ்வளவுதான்:

```
220-240V~ 50Hz
MAX 5W  IP20
```

முதல் வரியில் 220-240V என்பது வீட்டு மின்சாரம். பக்கத்தில் உள்ள அலை போன்ற குறி ஏ.சி. என்பதைக் காட்டுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது எழுதாத வார்த்தையைத்தான். OUTPUT என்று எதுவும் இல்லை. அடாப்டர் என்றால் INPUT, OUTPUT என்று இரண்டு வரிகள் இருக்கும். OUTPUT வரியில் 5V, 12V, 24V, 31V போன்ற ஏதாவது ஒரு சிறிய எண் இருக்கும். சில பெட்டிகளில் OUTPUT என்று போட்டு அதற்கு எதிரில் மறுபடி 220V என்றே அச்சிட்டிருப்பார்கள். அதுவும் அடாப்டர் அல்ல. பட்டனை அழுத்தினால் விளக்கு மின்னும் விதம் மாறுகிறதே, அந்தப் பெட்டியைப் பலர் டிரான்ஸ்பார்மர் என்று நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் சிறிய சர்க்யூட். வீட்டு மின்சாரத்திலிருந்து ஒயரைப் பிரித்து வைக்கும் எந்தச் சாதனமும் அதில் இல்லை.

"ஒரு பல்புக்கு 3 வோல்ட்தானே அண்ணா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட்தான். ஆனால் 50 பல்புகளை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தால் 150 வோல்ட் ஆகிவிடுகிறது. மாடிப்படியில் ஒவ்வொரு படியும் அரை அடி உயரம்தான். அதற்காக மொட்டை மாடியிலிருந்து குதித்தால் அரை அடிதான் விழுவோம் என்று சொல்ல முடியுமா? பக்கத்து பல்புக்கும் இதற்கும் 3 வோல்ட்; ஆனால் தரையில் நிற்கும் உங்களுக்கும் ஒயருக்கும் இடையே வீட்டு மின்சாரம் முழுவதும் இருக்கலாம்.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. செட் எரியவில்லை என்றால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கிறோம். வரிசையில் ஒயர் ஓரிடத்தில் அறுந்தால் எல்லா விளக்கும் அணைந்துவிடும், சரி. ஆனால் அப்போதுதான் அறுந்த இரு முனைகளுக்கு நடுவில் முழு வோல்ட்டேஜும் வந்து நிற்கிறது. எரியாத செட்டைக் கையால் தடவிக்கொண்டே அறுந்த இடத்தைத் தேடுபவர்கள் எத்தனை பேர்! பிளக்கைப் பிடுங்காமல் அந்த வேலையைச் செய்யவே கூடாது.

எம்.சி.பி. காப்பாற்றாதா என்றால், இந்த விஷயத்தில் அதை நம்ப முடியாது. 6 ஆம்பியர் எம்.சி.பி. 6 × 230 = 1380 வாட் வரை பேசாமல் இருக்கும். 5 வாட் செட்டின் நூல் போன்ற ஒயரில் சில நூறு வாட் ஓடிச் சூடேறினாலும் அதற்குத் தெரியாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், ஒயரிலிருந்து உடல் வழியாகத் தரைக்குப் போகும் மின்சாரத்தை அது கண்டுபிடித்து நிறுத்தும். ஆனால் அறுந்த இரண்டு முனைகளையும் இரண்டு விரல்களால் பிடித்தால், போன மின்சாரம் திரும்பியும் வந்துவிடுவதால் அதற்கும் தெரியாது.

அடுத்தது IP20. இதில் இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கானது. பூஜ்யம் என்றால் தண்ணீரிலிருந்து பாதுகாப்பு இல்லை. IP44 என்றால் எந்தத் திசையிலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். கார்த்திகை வருவதே நம் வடகிழக்குப் பருவமழை நேரத்தில். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. IP20 செட்டை ஈர இரும்பு கிரில்லில் சுற்றுவது, கிரில் முழுவதையும் ஒயராக்குவதற்குச் சமம். ஓரிடத்தில் உறை உரசிக் கிழிந்தால் போதும். அவள் வீட்டில் துணி காயப்போடும் கம்பியை அதே கிரில்லில்தான் கட்டியிருந்தார்கள்.

இனி கம்ப்யூட்டர் வேலை. எல்.இ.டி. சீரியல் செட்டுகளை இந்தியாவில் விற்க பி.ஐ.எஸ். பதிவு வேண்டும். 2012-ல் வந்த கட்டாயப் பதிவு ஆணையின் பட்டியலில் 2017-ல் இவையும் சேர்ந்தன. பொருளிலோ பெட்டியிலோ IS என்று தொடங்கும் தர எண்ணும், R- என்று தொடங்கி எட்டு இலக்கமுள்ள பதிவு எண்ணும் இருக்க வேண்டும். போனில் BIS Care என்ற ஆப்பை இறக்கி, Verify R-no. under CRS என்பதில் அந்த எண்ணைக் கொடுங்கள். எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். என்ன பொருளுக்கு, யாருக்குக் கொடுத்த எண் என்று படியுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? அவளுடைய செட்டில் எண்ணே இல்லை. பிறகு குரோம்பேட்டையில் அடாப்டர் வைத்த செட் ஒன்றைப் பெட்டியோடு வாங்கினாள். அதில் R எண் இருந்தது. தேடியதில் பதிவு உண்மைதான். ஆனால் பொருள் என்ற இடத்தில் பவர் அடாப்டர் என்று வந்தது. அதாவது எண் அடாப்டருக்கு மட்டும்; தொங்கும் விளக்குச் சரத்துக்கு அல்ல. விளக்குச் சரம் என்றால் LED Lighting Chains என்றும் IS 10322 என்றும் வர வேண்டும். கண்டிப்பாகப் பார்த்தால் இது குறைதான். இருந்தாலும் நான் அந்த செட்டைத் தள்ளவில்லை. அடாப்டரின் OUTPUT 31V. 230 வோல்ட்டை நம்மிடமிருந்து பிரித்து வைப்பது அந்த அடாப்டர்தான். பரிசோதனைக்கு உட்பட்டதும் அதுதான். அதைத் தாண்டி வெளியே போவது 31 வோல்ட் மட்டுமே. இரண்டில் ஒன்றுக்குத்தான் எண் இருக்கும் என்றால், அது அடாப்டராக இருக்கட்டும்.

பதிவு எண்ணுக்கும் எல்லை உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த மாதிரி ஒன்று அங்கீகாரம் பெற்ற ஆய்வுக் கூடத்தில் தேறியது என்பதுதான் அதன் பொருள். உங்கள் கையில் உள்ள செட்டை யாரும் சோதிக்கவில்லை. எண் பொய்யாக இருந்தால் அதே ஆப்பில் புகார் தரலாம், பி.ஐ.எஸ். தென்மண்டல அலுவலகம் நம் தரமணியில்தான் இருக்கிறது. பெட்டியில் CE என்று மட்டும் போட்டிருந்தால் அது ஐரோப்பியச் சந்தைக்கான குறி. இங்கே பதிவு எண்ணுக்குப் பதிலாகாது.

புதிய செட்டை மாட்டும்போது ஒரு சின்ன வேலை மிச்சமிருந்தது. சரத்தில் IP44 என்று இருந்தது, அடாப்டரிலோ IP20. எனவே அடாப்டரை அறைக்குள் உள்ள பிளக் பாயின்டில் சொருகி, ஒயரை மட்டும் ஜன்னல் வழியாக வெளியே விட்டோம். ஜன்னலுக்கு வெளியே ஒயர் ஒரு சாண் கீழே தொங்கி மேலே ஏறும்படி வைத்தோம். மழைநீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பழைய செட்டைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனோம். "பெட்டி இல்லாம எப்படிம்மா மாத்தறது?" என்று கேட்டார். பெட்டியே இல்லாமல்தானே விற்றீர்கள் என்று அவள் கேட்டதும் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார். நாங்கள் படி இறங்குவதற்குள் அதை மறுபடி வெளியே தொங்கவிட்டிருந்தார்.