புரொஜெக்டரா, ஸ்மார்ட் போர்டா? கடைசி வாங்கில் இருந்து பார்த்து முடிவெடுப்போம்

எமது ஊரில் இப்போது ரியூஷன் வகுப்பு விளம்பரங்களில் ஆசிரியரின் பெயருக்கு முதலே "ஸ்மார்ட் கிளாஸ்" என்று போடுகிறார்கள். அதைக் காட்டி மாதக் கட்டணமும் கூடுகிறது. கூட்டட்டும், பரவாயில்லை. ஆனால் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குத் திரையில் உள்ள எழுத்து தெரியாவிட்டால், பெற்றோர் எதற்குக் காசு கட்டுகிறார்கள்? வகுப்பு நடத்தும் சகோதரர்களும் பெற்றோரும் இதை ஒருமுறை பொறுமையாக வாசியுங்கள்.

சாதாரணமாக எமது பக்கம் இருக்கும் ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். 18 அடி அகலம், 25 அடி நீளம், சீற் கூரை, இரண்டு பக்கமும் ஜன்னல், நாற்பது பிள்ளைகள். வகுப்பு பின்னேரம் மூன்று மணிக்கு. கடைசி வாங்கு சுவரில் இருந்து ஏறக்குறைய 22 அடி தூரத்தில் இருக்கிறது.

முதலில் படத்தின் அளவு. எழுத்துகளை வாசிக்க வேண்டுமென்றால், கடைசிப் பிள்ளை இருக்கும் தூரத்தின் ஆறில் ஒரு பங்காவது படத்தின் உயரம் இருக்க வேண்டும். 22 அடியை ஆறால் பிரித்தால் 3 அடி 8 அங்குலம் வரும். அந்த உயரத்துக்கு அகலம் ஏறக்குறைய 6 அடி, மூலைக்கு மூலை அளந்தால் 83 அங்குலம். இந்த ஒரு கணக்கைப் போட்டாலே ஸ்மார்ட் போர்ட் விடயம் பாதி தெளிவாகிவிடும். 65 அங்குல போர்டின் உயரம் 2 அடி 8 அங்குலம்தான். அது 16 அடி தூரம் வரைக்கும் போதும், அதற்குப் பின்னால் இருக்கும் பிள்ளைகள் கண்ணைச் சுருக்க வேண்டியதுதான். 75 அங்குலம் 18 அடி வரைக்கும் வரும். 86 அங்குலம் வாங்கினால்தான் இந்த அறைக்குக் கிட்டத்தட்டச் சரி. அதன் விலையில் நல்ல புரொஜெக்டர் ஒன்றை விட அதிகமாகவே வாங்கலாம்.

ஸ்மார்ட் போர்டுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஜன்னல் திறந்திருந்தாலும் அதில் கறுப்பு கறுப்பாகவே தெரியும். புரொஜெக்டர் அப்படியல்ல. அது வெளிச்சத்தை மட்டும்தான் சுவரில் போடும், கறுப்பைப் போட முடியாது. அறையில் உள்ள வெளிச்சம் சுவரில் எவ்வளவு விழுகிறதோ, அதுதான் படத்தின் கறுப்பு. புரொஜெக்டரின் பிரகாசத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது.

அதே அறைக்குக் கணக்குப் பார்ப்போம். 83 அங்குலப் படத்தின் பரப்பளவு 2 சதுர மீற்றர். திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டு, முன்பக்க ரியூப் லைற்றை அணைத்தால் சுவரில் 300 லக்ஸ் வெளிச்சம் விழும் என்று வைப்போம். 3400 ஆன்சி லூமன் புரொஜெக்டர் அந்த 2 சதுர மீற்றரில் 1700 லக்ஸ் போடும். வெள்ளை 1700 உடன் 300 சேர்த்து 2000, கறுப்பு 300. ஏறக்குறைய ஏழு மடங்கு வித்தியாசம், நன்றாக வாசிக்கலாம். ஒன்லைனில் மலிவாக விற்கும் சின்னப் புரொஜெக்டர் உண்மையில் 200 ஆன்சி லூமன் தந்தால், சுவரில் 100 லக்ஸ்தான். வெள்ளை 400, கறுப்பு 300. எழுத்து இருப்பதே தெரியாது. பெட்டியில் 9000 லூமன் என்று போட்டிருப்பார்கள். "ஆன்சி" அல்லது "ஐஎஸ்ஓ" என்ற சொல் பக்கத்தில் இல்லாத லூமன் எண்ணை நம்ப வேண்டாம்.

3400 லூமன் இருந்தாலும் ஜன்னலை முழுதாகத் திறந்து சுவரில் 1000 லக்ஸ் விழவிட்டால், வித்தியாசம் மூன்று மடங்குக்கும் கீழே போய்விடும். ஆகவே கூடிய லூமனுக்குக் காசு கொடுக்க முன்னர், முன்பக்கத்து ஜன்னல்களுக்குத் தடித்த திரைச்சீலை போடுங்கள். மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பிரகாசம் அதுதான்.

அடுத்தது ரெசலூஷன். "1080பி சப்போர்ட்" என்றால் அந்த வீடியோவை உள்ளே எடுக்கும் என்று மட்டும்தான் அர்த்தம். காட்டுவது எத்தனை புள்ளி என்பதை "நேட்டிவ்" என்ற எண்தான் சொல்லும். மலிவானவற்றில் அது பல நேரம் 854 × 480. சாதாரண தர வினாத்தாளின் ஒரு பக்கத்தில் ஐம்பது வரி இருந்தால், முழுப் பக்கத்தையும் போடும்போது ஒரு வரிக்கு ஒன்பது, பத்துப் புள்ளிதான் கிடைக்கும். ஆங்கில எழுத்தை எப்படியோ ஊகித்து வாசிக்கலாம். தமிழில் ண, ன இரண்டும் ஒன்றாகிவிடும், மேலே உள்ள குற்று காணாமல் போய்விடும். 1280 × 800 உள்ளதில் பாதிப் பக்கத்தைப் பெரிதாக்கிப் போட்டால் வரிக்கு முப்பது புள்ளிக்கு மேல் வரும். வகுப்புக்கு அது போதும். அதற்கு மேல் 1920 × 1080 வசதி இருந்தால் நல்லது, கட்டாயம் என்று நாம் சொல்ல மாட்டோம்.

லாம்பின் ஆயுளை எல்லோரும் பிழையாக விளங்குகிறார்கள். 5000 மணித்தியாலம் என்றால் அதுவரை ஒரே மாதிரி எரியும் என்பதல்ல. அந்த நேரத்தில் பிரகாசம் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பதே அதன் பொருள். ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம், கிழமைக்கு ஆறு நாள் பாவித்தால் வருடத்துக்கு 1200 மணித்தியாலம், நான்கு வருடம் வரும். கடைசிக் காலத்தில் எங்கள் 1700 லக்ஸ் 850 ஆகியிருக்கும், ஏழு மடங்கு நான்குக்குக் கீழே இறங்கியிருக்கும். அதனால்தான் தொடக்கத்திலேயே 3400 கேட்கிறோம். லேசர் வகை 20,000 மணித்தியாலம் என்பார்கள். எங்கள் பாவனைக்கு அது பதினாறு வருடம். ஆனால் எங்கள் தூசியும் வெக்கையும் அதற்கு முன்னரே விசிறியையோ உள்பகுதியையோ பழுதாக்கிவிடலாம். அந்த எண்ணுக்காக மட்டும் இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டாம்.

லாம்பைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான். மின்வெட்டு வந்ததும் லாம்பு கொதித்தபடி இருக்க விசிறி நின்றுவிடும். 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் போன காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். லாம்பு வகை வாங்கினால், வகுப்பு நடத்த அல்ல, ஐந்து நிமிடம் விசிறியைச் சுழலவிட்டு ஒழுங்காக அணைப்பதற்காக ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள். காற்று வடியைக் மாதம் ஒருமுறை துடையுங்கள்.

பாவித்த புரொஜெக்டர் வாங்குபவர்கள் மெனுவில் உள்ள லாம்பு மணித்தியாலத்தை நம்பி வாங்க வேண்டாம். அதை ரிமோட்டால் பூச்சியமாக்கலாம். வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மஞ்சள், ஊதாப் படை தெரிந்தால் உள்ளே எல்சிடி பகுதி வெந்துவிட்டது. கறுப்புப் பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் டிஎல்பி சிப் போகத் தொடங்கிவிட்டது. இரண்டையும் லாம்பு மாற்றிச் சரிசெய்ய முடியாது. புது லாம்பு இங்கே கிடைக்குமா, என்ன விலை என்பதையும் காசு கொடுக்க முன்னர் கேளுங்கள்.

எங்கள் கருத்து இதுதான். கடைசி வாங்கு 16 அடிக்குள் இருக்கும் சிறிய அறைக்கு, வெளிச்சத்தை மறைக்கவே முடியாவிட்டால் 65 அங்குல ஸ்மார்ட் போர்ட் நியாயம். அதைவிட நீளமான அறைக்கு 3400 ஆன்சி லூமன், நேட்டிவ் 1280 × 800 புரொஜெக்டரும், பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ற் அடித்த சுவரும், பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு வெண்பலகையும் போதும்.

எதை வாங்குவதானாலும் கடையில் விளக்கை அணைத்துக் காட்டுவதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பின்னேரம் மூன்று மணிக்கு உங்கள் வகுப்பறையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு தமிழ் வினாத்தாளைப் போட்டு, கடைசி வாங்கில் ஒரு பிள்ளையை இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை தடுமாறாமல் வாசித்தால் வாங்குங்கள்.